மாரியம்மன் பொங்கல்: கோயில் முற்றத்தில் எது எங்கே

கமிட்டிப் பெரியவர்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நேற்று டேப் பிடித்து அளந்தேன். முற்றம் கிழக்கு மேற்காக 60 அடி, தெற்கு வடக்காக 45 அடி. கிழக்குக் கதவு 8 அடி, வடக்குச் சந்துக் கதவு 4 அடி. ஒரம்பரை எல்லாம் வந்து இறங்கினாலும் இடம் பற்றும். போன வருசம் உள்ளே வந்தவர்களும் வெளியே போனவர்களும் ஒரே கதவில் முட்டிக்கொண்டதுதான் சிரமம். செருப்புக் குவியலில் கால் தடுக்கி ஒரு பாட்டி விழுந்தது எனக்கு இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

அதனால் கிழக்கில் நுழைந்து வடக்கில் வெளியேறட்டும். வலம் வருகிற திசையும் அதுதான்.

வரிசை தெற்குச் சுவர் ஓரமாக இரண்டு மடிப்பு. மடிப்புக்கு 40 அடி நீளம், 3 அடி அகலம். ஆளுக்கு 2 அடி வைத்தால் 40 பேர் நிற்கலாம். மூன்று மடிப்பு வேண்டாம், வரிசை கோயிலுக்குப் பின்னால் போய் முடிந்துவிடும். இரண்டென்றால் சன்னதி முன்னால் வந்து நிற்கும். மூங்கில் தடுப்பை இடுப்பு உயரத்துக்குக் கட்டி, நடுவில் ஒரு இடத்தில் அவிழ்க்கிற மாதிரி விடுங்கள். யாருக்காவது மயக்கம் வந்தால் உடனே வெளியே எடுக்கலாம்.

அப்புறம், திருநீறு. சன்னதியிலேயே கொடுத்தால் ஆளுக்கு 15 விநாடி ஆகிறது, 40 பேருக்கு 10 நிமிடம். கும்பிட்டுவிட்டு நகர 5 விநாடி போதும். திருநீறையும் தீர்த்தத்தையும் வடக்குக் கதவுப் பக்கம் ஒரு மேஜையில் வைத்துக் கொடுப்போம். பூசாரி ஐயாவிடம் நானே பேசுகிறேன்.

செருப்பை நுழைகிற இடத்தில் வைக்கக் கூடாது. வடகிழக்கு மூலையில், மதிலுக்கு வெளியே வைத்தால் வருகிறபோதும் போகிறபோதும் கைக்கு எட்டும். 20 அடி நீளத்தில் மூன்று அடுக்கு, இரண்டு பக்கமும் அடுக்கினால் 150 ஜோடிக்கு மேல் கொள்ளும். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஒரு சாக்குப்பை, ஒரு டோக்கன். அங்கிருந்து இரண்டு கதவு வரைக்கும் தேங்காய் நார் விரிப்பு போட்டு, மணிக்கொரு தரம் தண்ணீர் தெளிக்க ஒரு தம்பி வேண்டும்.

நிழல் விசயத்தில் மதிலை நம்பாதீர்கள். சித்திரை முதல் வாரத்தில் நம்ம ஊரில் உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல் விழும், மதில் நிழல் ஒரு சாண்கூட இருக்காது. வரிசை முழுக்கத் தென்னங்கீற்றுப் பந்தல் 10 அடி உயரத்தில் போட வேண்டும். கம்பத்தைச் சுற்றி மட்டும் கீற்றும் வேண்டாம், பச்சை வலையும் வேண்டாம். பூவோடு நெருப்பு ஏறுகிற இடம் அது, மேலே திறந்தே இருக்கட்டும். மாவிளக்கு எடுத்து வருகிறவர்களுக்குக் கம்பத்துக்கு வடக்கே 5 அடி தனி வழி. கைக்குழந்தைக்காரர்களும் நடக்க முடியாதவர்களும் அதிலேயே வரலாம்.

ஞாயிறு காலை 7 மணிக்குச் சுண்ணாம்புக் கோடு போடலாம். மூங்கில் இறக்க வண்டி யாருடையது என்று அதற்குள் சொல்லிவிடுங்கள்.