marks[:] ஏன் வேலை செய்கிறது?

நான் பைத்தானுக்குப் புதுசு. லிஸ்ட், லூப், இஃப் வரை தெரியும். கிளாஸ் பக்கம் இன்னும் போகவில்லை, அதனால் அதை வைத்து விளக்க வேண்டாம். 40-க்குக் குறைவான மதிப்பெண்களை நீக்க இப்படி எழுதியிருந்தேன்:

```python
marks = [35, 20, 18, 60]
for m in marks:
    if m < 40:
        marks.remove(m)
print(marks)
```

[60] வரும் என்று பார்த்தால் [20, 60] வந்தது. எர்ரர் வந்திருந்தால்கூடத் தேவலாம். இது சத்தமே போடாமல் தப்பான விடை தருகிறது. சற்று முன் கேட்டபோது, இரண்டாவது வரியில் marks-க்குப் பதில் marks[:] போடச் சொன்னீர்கள். போட்டேன், சரியாக வருகிறது. ஆனால் காரணம் தெரியாமல் ஒட்டிய வரியை நாளைக்கு வேறொரு புரோகிராமில் என்னால் எழுத முடியாது. அதனால் இப்போதைக்குப் புதுக் கோட் எதுவும் தராதீர்கள்.

எனக்குப் புரிந்தது இவ்வளவு. லூப், மதிப்பை அல்ல, இடத்தை எண்ணிக்கொண்டு போகிறது. 0-வது இடத்தில் 35 இருந்தது, நீக்கியாயிற்று. உடனே 20 அந்த இடத்துக்கு நகர்ந்துவிட்டது. லூப்போ 1-க்குப் போய்விட்டது, அங்கே இப்போது 18. ஆக 20-ஐ அது பார்க்கவே இல்லை. இதில் எந்த வாக்கியமாவது தப்பா? தப்பென்றால் எந்த வாக்கியம் என்று மட்டும் சொல்லுங்கள், திருத்தத்தை நானே எழுதிப் பார்க்கிறேன்.

அடுத்தது, marks[:] ஒரு நகலை உருவாக்குகிறது, லூப் நகலில் ஓடுகிறது, நீக்கல் அசலில் நடக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அப்படியானால் லூப்புக்கு முன் b = marks என்று எழுதி, b-யில் லூப் ஓட்டினாலும் போதுமே என்று தோன்றியது. ஓட்டினேன், மறுபடியும் [20, 60]. print(b is marks) போட்டால் True வருகிறது. ஒரே லிஸ்டுக்கு இரண்டு பெயர், அவ்வளவுதானா? இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள், எனக்கு இதுதான் குழப்பம்.

இன்னொரு விஷயம். அதே பழைய கோடில் [30, 70, 30] கொடுத்தால் [70] என்று சரியாகவே வருகிறது! அதிர்ஷ்டம்தான். இதை மட்டும் சோதித்திருந்தால் கோட் சரி என்றே நம்பியிருப்பேன். ஆகவே என்னைச் சோதிக்கும்போதும் இந்த மாதிரி ஏமாற்றும் லிஸ்டுகளைக் கலந்து கொடுங்கள்.

விளக்கம் முடிந்ததும் ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள். சின்னக் கோட், என்ன அச்சாகும் என்று நான் சொல்ல வேண்டும். காரணமும் சொல்வேன், விடை சரியாக இருந்து காரணம் தப்பென்றால் அதைத் தப்பென்றே கணக்கில் எடுங்கள். 'அருமை', 'சூப்பர்' எல்லாம் வேண்டாம். தெரியவில்லை என்றால் ஒரு குறிப்பு கேட்பேன், அப்போதும் விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

இதே கோடில் [5, 5, 5, 5] கொடுத்தால் [5, 5] மிஞ்சும் என்று நினைக்கிறேன், இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.