வாழ்த்தும் ஒரு பழைய பாக்கியும்

திருப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை விழாவில் உங்களைச் சுற்றி இருந்த கூட்டத்தில் என்னால் பக்கத்தில் வரவே முடியவில்லை. வந்திருந்தாலும் கையைக் கொடுத்து, ஒரு போட்டோவுக்கு நின்றுவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போயிருப்பேன். வாட்ஸ்அப்பில் பூங்கொத்துப் படம் அனுப்பவும் மனசு வரவில்லை. சொல்ல வேண்டியது கொஞ்சம் அதிகமாக இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், மனசார வாழ்த்துகள் அக்கா. உப்பையும் தண்ணீரையும் மீட்டதற்காக ஒரு சாயப்பட்டறைக்கு விருது கொடுப்பதென்றால், இந்த வருஷம் அது உங்களுக்குத்தான் வந்திருக்க வேண்டும். நானும் அதே விருதுக்கு விண்ணப்பம் போட்டிருந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் பெயரை வாசித்ததும் அரை நிமிஷம் என் முகம் சுருங்கத்தான் செய்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி முழங்கையால் இடித்து, "கை தட்டுங்க" என்றாள். தட்டினேன். நீங்கள் பேசி முடித்தபோது யாரும் இடிக்காமலே எழுந்து நின்று தட்டினேன்.

அந்தப் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேடையில் பாதிப் பேர் தொழில் தெரியாதவர்கள். நீங்கள் ஒரே ஒரு கணக்கைச் சொன்னீர்கள். 300 கிலோ துணி, கிலோவுக்கு 6 லிட்டர் வீதம் 1800 லிட்டர் தண்ணீர், கறுப்பு என்றால் லிட்டருக்கு 80 கிராம், ஆக ஒரு மெஷினுக்கு ஒரு தடவைக்கு 144 கிலோ உப்பு. "இதில் ஒரு கிலோகூட பனியனோடு வீட்டுக்குப் போறதில்லைங்க, அத்தனையும் தண்ணீரோடதான் போகுது" என்றீர்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த வங்கிக்காரர் ஒருவர் திரும்பி, "நிஜமாவா?" என்று என்னைக் கேட்டார். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இதை இவ்வளவு சுருக்கமாக நான் யாருக்கும் விளக்கியதில்லை.

அப்புறம் அறிவிப்பாளர் உற்சாகத்தில் "கழிவே இல்லாத பட்டறை" என்று முழங்கினாரே, அவர் கையிலிருந்த மைக்கை வாங்கி நீங்கள் திருத்தினீர்கள். எவாப்பரேட்டரின் கடைசியில் நிற்கிற கலப்பு உப்பு இன்னும் உங்கள் குடோனில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது, அதற்கு வழி தெரியும்வரை யாரும் பூஜ்யம் என்று சொல்ல வேண்டாம் என்றீர்கள். விருது வாங்கிய அதே நிமிஷத்தில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்குமா என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். வந்திருக்காது. என் குடோனிலும் அதே மூட்டைகள்தான் இருக்கின்றன.

கேடயத்தை நீங்கள் வைத்துக்கொள்ளாமல் உங்கள் சுத்திகரிப்பு ஆப்பரேட்டர் கையில் கொடுத்ததும் பிடித்தது. அவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், பாவம். போட்டோ எடுத்தவர் சொல்லித்தான் திருப்பினார்.

சரி, இப்போது பாக்கிக்கு வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குழந்தைகள் உடுப்பு ஆர்டர் என்னிடமிருந்து உங்களுக்கு வந்தது. வெளிர் ரோஸும் இளமஞ்சளும். மெர்ச்சன்டைசர் லைட் பாக்ஸைத் திறந்து, உங்கள் துண்டையும் என் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பகல் வெளிச்ச விளக்கில் பார்த்தேன், கடை விளக்குக்கு மாற்றியும் பார்த்தேன். என்னுடையதில் விளக்கு மாறியதும் ரோஸ் லேசாகச் செங்கல் பக்கம் சாய்ந்தது. உங்களுடையது சாயவில்லை. அதைப் புது உப்பில் இல்லாமல், சாயக் கழிவிலிருந்து மீட்ட உப்புத் தண்ணீரான பிரைனில் ஓட்டியது என்று அவர் சொன்னதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் லேபில் நாங்கள் அதைத்தான் ஒன்பது மாதம் முயன்று, தோற்று, விட்டுவிட்டிருந்தோம்.

அந்த ஆத்திரத்தில் நான் மூன்று பேரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். "லைட் ஷேடுக்குப் பிரைன் ஓட்டுறதெல்லாம் பேச்சுக்குத்தான். ராத்திரி ஷிஃப்ட்ல புது உப்பு மூட்டையைப் பிரிச்சுட்டு, காலையில பிரைன்னு எழுதிக்கிறாங்க." இதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. எனக்கு வராதது உங்களுக்கு மட்டும் எப்படி வரும் என்கிற எரிச்சல்தான் இருந்தது. மூன்று பேரில் ஒருவர் அதை உங்கள் காதுவரை கொண்டுவந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை.

போன வருஷம் உங்கள் யூனிட்டை எல்லோருக்கும் திறந்துவிட்ட அன்று நானும் வந்தேன். பார்க்க வந்தேன் என்பதைவிடப் பிடிக்க வந்தேன் என்பதுதான் சரி. உப்பு குடோனுக்குத்தான் முதலில் போனேன். மூலையில் நாலு மூட்டை, மேலே தூசி. நான் எதைத் தேடுகிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். கேட்காமலே கொள்முதல் பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, டீ சொல்லப் போய்விட்டீர்கள். பிறகு லேபில் ஒரு பீக்கரில் பிரைனை எடுத்து, கடினத்தன்மை பார்க்க அந்த இண்டிகேட்டரைப் போட்டீர்கள். என் பட்டறைப் பிரைனில் அது ஒயின் சிவப்பாகும், அப்புறம் சொட்டுச் சொட்டாக விட்டு நீலமாக்க வேண்டியிருக்கும். உங்கள் பீக்கரில் சிவப்பு வரவே இல்லை. போட்டதும் நேராக நீலம்.

அங்கேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாங்கள் மிச்ச நிறத்தை எடுப்பதிலேயே குறியாக இருந்தோம். நீங்கள் கால்சியம், மெக்னீசியத்தோடு நிற்காமல் பிரைனில் தங்குகிற காரத்தையும் முதலிலேயே கொன்றுவிட்டீர்கள். காரம் மிச்சம் இருந்தால் சோடா போடுவதற்கு முன்னாலேயே சாயம் நூலில் பிடித்துக்கொள்ளும், லைட் ஷேடில் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். எங்கள் ஒன்பது மாதமும் அந்தத் திட்டுகளில்தான் போனது. சாயக் கம்பெனிக்காரரைத் திட்டினோம், மாஸ்டரைத் திட்டினோம், பிரைனின் காரத்தை மட்டும் பார்க்கவில்லை.

அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு, "நல்லா வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அது தப்பு. நான் பேசியதும் தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு நேற்றே போன் பண்ணி, நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். மூன்றாமவர் கரூரில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை நேரில் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

இதையெல்லாம் எழுதுவதால் எல்லா விஷயத்திலும் நான் உங்கள் பக்கம் வந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். ஆடிக்குப் பிறகு வேலை குறைகிற மாதங்களில் நீங்கள் கிலோவுக்கு நாலு ரூபாய், ஐந்து ரூபாய் இறக்கிப் பிடிப்பது சரியில்லை என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். சுத்திகரிப்புச் செலவை ரேட்டில் ஏற்ற முடியாமல் நாம் எல்லோரும் முழித்துக்கொண்டிருக்கும்போது, நன்றாகச் செய்கிற ஆளே இறக்கினால் மற்றவர்களை பையர் எந்த விலைக்கு அமுக்குவார் என்று யோசித்துப் பாருங்கள். மெஷினைச் சும்மா நிறுத்தினால் ஆள் போய்விடுவார்கள் என்பது உங்கள் கவலை, அது நியாயம்தான். ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை. விருதுக் கடிதத்தில் ரேட் பேசுகிறானே என்று சிரிப்பீர்கள். வாழ்த்திவிட்டு இதை முதுகுக்குப் பின்னால் பேசினால் மறுபடியும் பழைய கதைதான்.

இன்னொன்று. நான் அப்பா போட்ட கல்லாவில் உட்கார்ந்தவன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் ஊரில் சாயப்பட்டறைகள் எல்லாம் பூட்டியபோது எங்களுக்குச் சொந்த இடம் இருந்தது, தாங்கிக்கொண்டோம். நீங்கள் அப்போது சம்பளத்துக்கு லேப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஊரே தொழிலை விட்டுப் போகலாமா என்று பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், நகையை வைத்து இரண்டு பழைய சாஃப்ட் ஃப்ளோ மெஷின் வாங்கியதாகக் கேள்விப்பட்டு, "அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு" என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. நொய்யலில் குளித்து வளர்ந்தவர் அவர். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் நின்றதைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு சாப்பிடாமல் படுத்தவர். இப்போது இருந்திருந்தால் வெள்ளிக்கிழமை முதல் ஆளாக அவர்தான் எழுந்து நின்றிருப்பார்.

ஒரு கோரிக்கையும் இருக்கிறது. கலப்பு உப்பைப் பிரிக்கச் சின்ன அளவில் ஏதோ முயன்று பார்க்கிறீர்கள் என்று மேடையில் சொன்னீர்கள். என் குடோன் மூட்டைகளிலிருந்து சாம்பிள் வேண்டுமென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுடையதில் டார்க் ஷேடு அதிகம், உங்கள் மூட்டையைவிட மோசமாகத்தான் இருக்கும், சோதனைக்கு நல்லது. செலவில் பாதியை நான் போடுகிறேன். பதிலுக்கு ரெசிபி கேட்க மாட்டேன். முடிவு வந்தால் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் நீங்களே சொல்லுங்கள்.

மற்றபடி, அந்த பிஸ்கட் கலர் ஆர்டருக்கு நானும் லேப் டிப் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை காரத்தையும் பார்த்துவிட்டுத்தான் ஓட்டினோம். புதன்கிழமை லைட் பாக்ஸ் முன்னால் பார்க்கலாம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். ஆப்பரேட்டர் அண்ணனுக்குத் தனியாக என் வாழ்த்து.

அன்புடன்,
உங்கள் தம்பி
முருகேசன்