யாழ்ப்பாண வெங்காயச் சேமிப்புக்கு 75 இலட்சம் ரூபா முதலீடு: 20 நிமிட அழைப்புக்கு நேரம் கிடைக்குமா?

மதிப்புக்குரிய திரு. சிவகுமாரன் அவர்களுக்கு,

வணக்கம். வடக்கின் விவசாய முயற்சிகளில் நீங்கள் முதலிட்டு வருவதை அறிந்தே எழுதுகிறோம். உரும்பிராய், நீர்வேலி, இணுவில், அச்சுவேலி ஆகிய நான்கு ஊர்களில் சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டக் கொட்டில்களில் வைத்துப் பாதுகாத்து, கிலோவுக்கு மாதம் 8 ரூபா வாங்குகிறோம். இன்னும் ஆறு கொட்டில் கட்டப் பணம் தேடுகிறோம்.

வலிகாமத்தில் எல்லாத் தோட்டக்காரரும் ஏறக்குறைய ஒரே கிழமைகளில் வெங்காயம் கிண்டுகிறார்கள். சுன்னாகம், திருநெல்வேலி, மருதனார்மடம் சந்தைகளில் விலை விழுகிறது. பிடி கட்டி வீட்டில் தூக்கினாலும் ஈரக்காற்றில் கரும்பூஞ்சணம் பிடிக்கிறது, முளை விடுகிறது. அதனால் கமக்காரர் கிண்டிய கையோடு விற்று, நடுகைக்கு விதை வெங்காயத்தைக் கூடிய விலைக்கு வாங்குகிறார். எங்களை வேலையில் இறக்கியது இந்த இரட்டை நட்டம்தான்.

குளிர் அறை கட்டலாமே என்று பலர் கேட்கிறார்கள். வெங்காயம் மிக விரைவாக முளைப்பது 10 முதல் 20 பாகை வரையான வெப்பத்தில். குளிரில் வைப்பதென்றால் பூச்சியப் பாகையை ஒட்டி வைக்கவேண்டும். அந்த மின்கட்டணம் இந்தப் பயிருக்குக் கட்டாது. 25 முதல் 30 பாகையில், ஈரப்பதன் 65–70 வீதத்தில், காற்று ஓடிக்கொண்டிருந்தால் போதும். யாழ்ப்பாண வெப்பம் இங்கே எங்களுக்குச் சாதகம்; மாரிகால ஈரம்தான் எதிரி. மழை இரவில் விசிறி ஓடினால் வெளி ஈரத்தை நாமே உள்ளே இழுத்துக் குவியலை அழுகவைப்போம். ஆகவே உள்ளேயும் வெளியேயும் காற்றின் பனிபடுநிலையை அளந்து, வெளிக்காற்று உள்ளதைவிட உலர்ந்திருக்கும்போது மட்டும் விசிறியை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியை நாங்களே செய்திருக்கிறோம். மின்வெட்டில் குவியல் சூடேறாதபடி தட்டுகளில் எட்டு அங்குலத்துக்கு மேல் பரப்புவதில்லை. கழுத்து காயாத வெங்காயத்தை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம். கிண்டுவதற்கு முந்திய கிழமையும் தண்ணீர் இறைத்த, கடைசியில் யூரியா கூடப் போட்ட தோட்டங்களில்தான் இந்தக் குறை பெரும்பாலும் வருகிறது. இந்த விதியில் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரு கொட்டில் 10 தொன், அதாவது 200 அந்தர் கொள்ளும். கட்ட 11 இலட்சம் ரூபா. கடந்த இரண்டு அறுவடையிலும் சேர்த்து 61 கமக்காரரின் 72 தொன்னை, சராசரி இரண்டரை மாதம் வைத்திருந்தோம். அவர்களில் 44 பேர் இரண்டாம் முறையும் கொண்டுவந்தார்கள். ஒரே தோட்டத்து வெங்காயத்தைப் பிரித்து 12 கிழமை வைத்துப் பார்த்ததில், கொட்டிலில் எடைக்குறைவு உட்பட 9 வீதம் இழப்பு. வீட்டில் தூக்கியதில் 27 வீதம். வருமானம் 14.4 இலட்சம். மின்சாரம், கூலி, பராமரிப்பு போக 8.2 இலட்சம் மிஞ்சியது.

கணக்கின் பலவீனமான இடத்தையும் சொல்லிவிடுகிறோம். கொட்டில் ஒன்று ஆண்டில் நாலரை மாதத்துக்கு ஈடாகத்தான் நிரம்புகிறது. இந்த வேகத்தில் போட்ட காசு திரும்ப ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். விதை வெங்காயத்தை நடுகைவரை வைக்கும் ஒப்பந்தங்களால் அதை ஆறரை மாதமாக்கினால், மூன்றேகால் ஆண்டில் திரும்பும். இதற்கு 19 கமக்காரர் ஏற்கனவே கையெழுத்திட்டிருக்கிறார்கள். எங்கள் திட்டம் முழுவதும் இந்த இரண்டு மாதங்களில்தான் தங்கியிருக்கிறது.

கேட்பது 75 இலட்சம் ரூபா, 20 வீதப் பங்குக்கு. ஆறு கொட்டிலுக்கு 66 இலட்சம். மீதி 9 இலட்சம் மாற்று விசிறிகள், உணரிகள், ஒரு மின்பிறப்பாக்கி ஆகியவற்றுக்கு. சம்பளத்துக்கு இதில் ஒரு சதமும் போகாது. 15 இலட்சம் தருவதாக உள்ளூரில் ஒருவர் உடன்பட்டிருக்கிறார். மீதி 60ஐ நீங்கள் ஒருவரே தரவேண்டியதில்லை, 20 இலட்சத்திலிருந்து சேரலாம். நிறுவனம் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் பதிவானது. கனடாவிலிருந்து வரும் பணத்தை இங்குள்ள வங்கியொன்றில் உங்கள் பெயரில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகவே பெறுவோம். இலாபப் பங்கை நீங்கள் வெளியே கொண்டுபோவதற்கு அதுதான் ஒழுங்கான வழி.

அடுத்த செவ்வாய் அல்லது வியாழன், எங்கள் நேரம் மாலை 7 மணி, ரொறன்ரோவில் காலை 9.30க்கு, 20 நிமிடம் பேச முடியுமா? வசதியான நாளை மட்டும் பதிலில் எழுதுங்கள், இணைப்பை அனுப்புகிறோம். கொட்டில்வாரியான வரவு செலவும் வெப்ப, ஈரப்பதன் பதிவுகளும் அன்றைக்கே உங்கள் கையில் இருக்கும். இது உங்களுக்குப் பொருந்தாது என்றால் ஒரு வரியில் சொன்னாலும் நன்றியுடன் ஏற்றுக்கொள்வோம்.

அன்புடன்,
ஆர்த்தி, தர்சன்
நிறுவுநர்கள், உரும்பிராய், யாழ்ப்பாணம்