கடன் கணக்கு அறிக்கையும் நோட்டீஸ் விவரமும் கோரி ஜாமீன்தாரர் விண்ணப்பம்

காரணம்பேட்டை,
12.03.2025

அனுப்புநர்:
செ. சுப்பிரமணியம்,
காரணம்பேட்டை, பல்லடம் வட்டம்,
திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
பல்லடம் கிளை.

பொருள்: 4471 என முடியும் தறிக் கடன் கணக்கு (கடன்தாரர்: ரா. நடராஜன்) தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மைத்துனர் திரு. ரா. நடராஜன் ரேப்பியர் தறிகள் வாங்குவதற்காக 14.07.2022 அன்று தங்கள் கிளையில் பெற்ற ரூ.14,00,000 கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்திட்டுள்ளேன். கடந்த 6ஆம் தேதி தங்கள் வசூல் பிரிவிலிருந்து பேசியவர், மூன்று தவணைகள் நிலுவையில் உள்ளதாகவும், நோட்டீஸ் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டதாகவும் தெரிவித்தார். ஜாமீன் பத்திரத்தில் உள்ள அதே வீட்டில்தான் இன்றும் குடியிருக்கிறேன். எனக்கு எந்த நோட்டீஸும் வந்து சேரவில்லை.

ஆகவே, கடன் வழங்கிய நாள் முதல் இன்றுவரையிலான முழுக் கணக்கு அறிக்கையை, ஒவ்வொரு தவணையும் செலுத்த வேண்டிய நாள், வரவான நாள், வட்டி விகித மாற்றம், அபராதக் கட்டணம், இன்றைய அசல் பாக்கி ஆகியவை தனித்தனியே தெரியும்படி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாக ஒன்றைச் சரிபார்க்க வேண்டியுள்ளது. மாதத் தவணை ரூ.30,440. இதில் ரூ.15,000-ஐ 02.01.2025 அன்று வசூலுக்கு வந்தவரிடம் ரொக்கமாகக் கொடுத்து, கையால் எழுதிய ரசீது பெற்றிருப்பதாக நடராஜன் கூறுகிறார். ரசீதை நானும் பார்த்தேன். அதில் தேதியும் தொகையும் கையெழுத்தும் உள்ளன, ஆனால் கிளை முத்திரை இல்லை. இத்தொகை கணக்கில் வரவு வைக்கப்பட்டதா, ஆம் எனில் எந்தத் தேதியில் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும். கூலிக்கு நெசவு ஓட்டுகிறவருக்கு அரைத் தவணை என்பது சிறு தொகை அல்ல.

நோட்டீஸ் அனுப்பப்பட்டிருப்பின், அது எந்தத் தேதியில், யார் பெயருக்கு, எந்த முகவரிக்குச் சென்றது என்ற விவரத்தையும், நோட்டீஸ் மற்றும் அஞ்சல் ஒப்புகை அட்டையின் நகல்களையும் தந்துதவவும். அது வெறும் நினைவூட்டலா, அல்லது 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவின்படி 60 நாள் கெடு விதிக்கும் நோட்டீஸா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். பின்னதாயின் கெடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். இக்கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்பட்டிருந்தால் அந்தத் தேதியையும் குறிப்பிடவும். தவணைக் காலத்தையோ பிற நிபந்தனைகளையோ கடன்தாரருடன் பேசி மாற்றியிருந்தால், அந்த ஆவணங்களின் நகல்களும் தேவை. அப்படி எதற்கும் என்னிடம் ஒப்புதல் கேட்கப்படவில்லை.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவரை, கடன்தாரரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவே ஜாமீன்தாரரின் பொறுப்பும் என்பதை அறிவேன். அதைத் தட்டிக்கழிக்க இதை எழுதவில்லை. எவ்வளவு பாக்கி என்றே தெரியாமல் பணம் புரட்ட முடியாது என்பதாலேயே கேட்கிறேன். அதே வேளையில், இக்கடிதத்தைப் புதிய பொறுப்பு எதையும் ஏற்றதாகவோ, 133ஆம் பிரிவு உட்பட எனக்குள்ள உரிமைகளை விட்டுக்கொடுத்ததாகவோ கொள்ள வேண்டாம்.

வாடிக்கையாளர் விவரத்தை வெளியிட இயலாது என்ற தடை எழாதிருக்க, நடராஜனின் சம்மதக் கடிதத்தை இணைத்துள்ளேன். நகல்களுக்குரிய கட்டணத்தைச் செலுத்தத் தயாராக உள்ளேன். 15 நாட்களுக்குள் பதிவு அஞ்சலில் பதில் அனுப்பவும், அதுவரை இது தொடர்பான தகவல்களைத் தொலைபேசியில் அல்லாமல் எழுத்தில் மட்டுமே தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. சுப்பிரமணியம்
(ஜாமீன்தாரர்)

இணைப்பு: ஜாமீன் பத்திர நகல், 02.01.2025 ரசீதின் நகல், கடன்தாரரின் சம்மதக் கடிதம், எனது ஆதார் நகல்.