கானாடுகாத்தான் வீடு: முன்பணம் கொடுக்கும் முன் கரையான், பூச்சி சோதனைப் பட்டியல்

வீடு: இரண்டு கட்டு, சுண்ணாம்புச் சுவர், பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் தரை. ஆறு பங்காளிகள், அதில் நீங்கள் வாங்குவது ஒரு பங்கு. பல வருடம் பூட்டிக் கிடந்தது.

கொண்டுபோக வேண்டியவை: நல்ல டார்ச், தட்டை முனை ஸ்க்ரூடிரைவர், வெள்ளைத் தாள், சாக்பீஸ், ஏணி. காலை 10 மணிக்கு ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை. எலி, கரப்பான், வௌவால் மூன்றும் பகலில் ஆள் அரவம் கேட்டால் தலைகாட்டாது.

☐ சாவி. ஆறு பங்கின் அறைச் சாவியும் வேண்டும். "அந்த ரூம் சாவி சென்னையில இருக்கு" என்றால் வீடு பார்ப்பதைத் தள்ளிப்போடுங்கள். அடைபட்டு, ஈரம் தங்கி, பழைய பெட்டியும் பேப்பரும் அடுக்கிய அறையில்தான் கரையான் குடியேறும். அங்கிருந்து பொதுச்சுவர் வழியாக உங்கள் பங்குக்கு வர அதற்குப் பத்திரம் தேவையில்லை.

☐ நிலை, கதவு. தரையிலிருந்து அரை அடி உயரம் வரை ஒவ்வொரு நிலைக்காலையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் சரி. பொத்தென்றால் முனையால் லேசாக அழுத்துங்கள்; மேலே பெயின்ட் தோல் மட்டும் நின்று உள்ளே மண் அடைந்திருக்கும். அடியில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். பர்மா தேக்கில் கரையான் ஏறாது என்று தரகர் சொல்வதில் பாதிதான் உண்மை. வைரம் பாய்ந்த நடுமரம் தாங்கும். ஓரத்து வெளிறு தாங்காது. பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட மாங்கட்டைகள் இன்னும் மோசம்.

☐ மண் பாதை. பென்சில் கனத்தில் சுவரில் ஏறும் மண்கோடு. நிலைக்குப் பின்புறம், சாமி அறை, மாட்டிய படங்களின் பின்னால், மின் சுவிட்ச் பெட்டி ஓரம் பாருங்கள். ஓரிடத்தில் ஒரு அங்குலம் உடைத்து, பக்கத்தில் சாக்பீஸால் தேதி எழுதுங்கள். ஐந்து நாளில் மூடியிருந்தால் கரையான் உயிரோடு இருக்கிறது. மூடாவிட்டாலும் ஒழிந்தது என்று எழுதிவிடாதீர்கள். வேறு வழி போட்டிருக்கலாம். ஜன்னல் படியில் உதிர்ந்த ஈசல் இறகு குவிந்திருந்தால் அருகிலேயே புற்று இருக்கலாம்.

☐ தூள். உத்தரம், கைமரத்துக்கு நேர்கீழே வெள்ளைத் தாளை விரித்து, இரண்டாவது முறை வரும்போது பாருங்கள். கசகசா அளவில் நீள்மணிகளாக, ஆறு பட்டையோடு இருந்தால் மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையான். நைசான பொடியும் 1 முதல் 3 மி.மீ. துளையும் என்றால் உளுவண்டு. இரண்டுக்கும் தரையில் மருந்து ஊற்றிப் பயனில்லை. மரத்துக்கே மருந்து வைக்க வேண்டும். உத்தர முனை சுவருக்குள் நுழையும் இடத்தை மட்டும் ஏணி வைத்துத் தொட்டுப் பாருங்கள். ஓடு உடைந்து மழைத்தண்ணீர் இறங்கும் முனைதான் முதலில் உளுக்கும்.

☐ தரை. மண்ணிலிருந்து ஏறும் கரையானுக்குச் சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு மருந்து இறக்குவார்கள். ஆத்தங்குடிக் கல்லின் நடுவில் துரப்பணம் வைத்தால் கல் விண்டுவிடும், அதே பூவும் நிறமும் மறுபடி கிடைப்பது அரிது. துளை கல் இடுக்கில்தான் என்று மதிப்பீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே வரிசையாகச் சிமென்ட் அடைப்புகள் தெரிந்தால் முன்பு வைத்தியம் நடந்திருக்கிறது; ரசீது கேளுங்கள்.

☐ எலி, வௌவால். 12 முதல் 18 மி.மீ. புழுக்கை பெருச்சாளி, வீட்டெலி வகை. 3 முதல் 6 மி.மீ. என்றால் சுண்டெலி. சுவரோரத்துக் கறுத்த எண்ணெய்த் தடம் தினசரிப் போக்குவரத்தின் அடையாளம். அரை அங்குல இடைவெளி எலிக்குப் போதும். வளவின் தண்ணீர் வெளியேறும் துவாரத்துக்குக் கம்பிவலை இருக்கிறதா? எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும், ஆகவே விறகறையில் கையை விடும் முன் டார்ச் அடியுங்கள். வௌவால் எச்சம் குவிந்த மேல்மாடியை முகமூடி இல்லாமல் கூட்ட வேண்டாம்.

☐ கொசு. முற்றத்துத் தொட்டி, ஓட்டுத் தகரவாரி, மேல்தொட்டி மூடி. தேங்கிய தண்ணீர் ஒரு வாரம் கிடந்தால் போதும், கொசு பறக்கும்.

காரைக்குடியில் வாடகை பிளாட் பார்க்கிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. அடுப்படி சிங்க் அடி, ஃப்ரிட்ஜ் வைக்கும் மூலை, கழிவுநீர்க் குழாய் இடுக்கு: கரப்பான் முட்டைக்கூடு. மரக்கட்டில் விட்டுப்போயிருந்தால் இணைப்புகளில் கறுப்புப் புள்ளி: மூட்டைப்பூச்சி. கட்டிலை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

☐ எழுத்து. விலை பேசும் முன் பார்த்ததைப் படத்துடன் விற்பவருக்கு அனுப்புங்கள். கரையான் வைத்தியச் செலவை விலையில் கழிப்பதா, பத்திரத்துக்கு முன் அவர்களே செய்து உத்தரவாதச் சீட்டைக் கொடுப்பதா என்பது ஒப்பந்தத்தில் வரட்டும். ஆறு பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும்; மற்றவர் பங்கிலும் மருந்து இறங்காமல் உங்கள் பங்கில் மட்டும் இறக்கினால் அந்தப் பணம் வீண்.