மடிப்பு மாற்றிய சேலை

இரும்பு அலமாரியின் அடித்தட்டிலிருந்து சரசு பொட்டலத்தை எடுத்தாள். 1994-இல் சுங்கை சிப்புட்டில் அவள் கழுத்தில் தாலி ஏறியபோது கட்டியிருந்த அரக்குச் சிவப்புப் பட்டு. பிளாஸ்டிக் பையைப் பிரித்ததும் அந்துருண்டை நெடி அடித்தது. உருண்டை பட்ட இடத்திலெல்லாம் சரிகை கறுத்துப்போயிருந்தது.

இந்த ஊர்ப் புழுக்கத்தில் பட்டைப் பிளாஸ்டிக்கில் கட்டி வைக்கவே கூடாது. துவைத்த வெள்ளை வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்ற வேண்டும். அவளுக்குத் தெரியாததில்லை. புருஷன் வீட்டை விட்டுப் போன பிறகு தொடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"அது அவங்க வீட்டுக் கூரைச் சேலைதானே, அக்கா? நாளைக்கு என் மகன் கல்யாணத்துக்கு அதையா கட்டப்போற?" என்றாள் தங்கை.

சரசு பதில் சொல்லாமல் அறைக் கதவைச் சாத்தினாள்.

ரவிக்கைக்குள் கை நுழையவில்லை. பழைய தையல்காரர் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டுத் தைத்திருந்தார். பிளேடு முனையால் ஒவ்வொரு தையலாக அறுத்தாள். பிரிந்த இடத்தில் வெயிலும் வியர்வையும் படாத துணி, கடையில் பார்த்த அதே சிவப்பில் பளிச்சென்று இருந்தது. விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

சேலையைச் சுற்றினாள். முன்பு ஏழு கொசுவம் வரும், இப்போது ஐந்துதான். உள்முனையில் மடிப்போடு நாலு விரல் நீளம் கிழிந்திருந்தது. அது முதல் சுற்றில் மறைந்துவிடும். முந்தானையில் கிழிந்திருந்ததுதான் தோளில் தெரிந்தது. அங்கே ஊசி குத்தினால் இன்னும் கிழியும்.

அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. அவன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். கடைவாசலில் நின்ற அம்மாவின் முகம்தான் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் 300 வெள்ளிக்கு மேல் போகமாட்டோம் என்றார்கள். சேலை 480. மற்றவர்கள் படியிறங்கிய பிறகு, கூட்டுச் சீட்டுப் பணத்தில் 180 வெள்ளியை எண்ணிக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு, "வெளிய சொல்லாத" என்றார் அம்மா. மழை மாதம் அது. ஈர ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, வேலையில்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை.

கதவைத் திறந்தாள்.

"அவங்க சேலை இல்லடி இது. அம்மா காசு போட்டுத்தான் எடுத்தது."

தங்கை முந்தானையைப் பிடித்துப் பார்த்தாள். "அம்மாவா? எனக்குச் சொல்லவே இல்லையே!"

"சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க. இப்ப சொல்லலாம். மெல்லிசு பருத்தித் துணி இருந்தா எடு, பின்னால வச்சு இழை ஓட்டணும். சிவப்பு நூலும் வேணும். ஊசி நம்பர் பன்னெண்டு, தடிச்சது வேணாம்."

இருவரும் முந்தானையை விளக்கடியில் விரித்து உட்கார்ந்தார்கள்.