ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வேண்டுகோள்

அன்பிற்குரிய தாஸ் அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். குலசேகரத்தில் ரப்பர் பால் ஆலையின் ஆய்வகத்தில் 2013 முதல் 2018 வரை உங்களிடம் வேலை பார்த்த ஷீலா எழுதுகிறேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட நலம் விசாரிக்காமல் இருந்துவிட்டு, இப்போது ஓர் உதவிக்காகவே எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா காலமானபோது செய்தி தெரிந்தும் நான் வரவில்லை. குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது என்றாலும், பிறகாவது வந்து பார்த்திருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது.

மார்த்தாண்டம் அருகே கையுறை தயாரிக்கும் ஆலை ஒன்றில் தரப் பரிசோதகர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். என் முந்தைய அனுபவத்திற்குச் சான்று கேட்கிறார்கள். நம் ஆலை மூடப்பட்டுவிட்டதால் அங்கிருந்து கடிதம் பெற வழியில்லை. வருங்கால வைப்பு நிதிக் கணக்கு நான் வேலை பார்த்த மாதங்களைக் காட்டுகிறதே தவிர, என்ன வேலை பார்த்தேன் என்பதைக் காட்டுவதில்லை. அதை நேரில் பார்த்து அறிந்த மேற்பார்வையாளர் நீங்கள் ஒருவர்தான்.

எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை உங்கள் மேற்பார்வையில் இருந்தேன், பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவான டி.ஆர்.சி. பார்ப்பதும் அம்மோனியா அளவு சோதிப்பதும் என் பொறுப்பாக இருந்தன என்ற இரண்டு செய்திகளை மட்டும், உங்கள் அன்றைய பதவியைக் குறிப்பிட்டு, வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர முடியுமா? பாராட்டு எதுவும் வேண்டாம். நினைவில் உறுதியாக இல்லாத எதையும் எனக்காகச் சேர்க்கவும் வேண்டாம். மெட்ரோலாக் காட்டும் அளவை மட்டும் நம்பி விவசாயிக்குப் பணம் கணக்கிடக் கூடாது, அடுப்பில் உலர்த்தி எடை பார்த்த பிறகே பதிவேட்டில் எழுத வேண்டும் என்று நீங்கள் கற்றுக்கொடுத்ததை, ஒக்கிப் புயலுக்குப் பின் பால் வரத்து குறைந்து எல்லாரும் அவசரப்பட்ட மாதங்களிலும் நான் மீறியதில்லை. அது உங்களுக்கு நினைவிருந்தால் எழுதலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

கடிதத்தைச் சரிபார்க்க அவர்கள் உங்களைத் தொலைபேசியில் அழைக்கக்கூடும். ஆகவே, உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் எண்ணை யாருக்கும் கொடுக்க மாட்டேன். பழைய தோழி ஒருத்தியிடமிருந்து எண் கிடைத்தும் நான் அழைக்காததற்குக் காரணம் உண்டு: குரலைக் கேட்டதும் மறுக்க முடியாமல் நீங்கள் சங்கடப்படக் கூடாது. இப்போது பார்க்கும் வேலையின் காரணமாகவோ வேறு எதனாலோ இது இயலாது என்றால், ஒரு வரி எழுதினால் போதும். காரணம் கேட்க மாட்டேன், மனத்தாங்கலும் கொள்ள மாட்டேன். சான்றை இம்மாதம் 25-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் சம்மதித்தால், உங்களுக்கு வசதியான நாளில் திருவட்டாறு வந்து நானே வாங்கிக்கொள்கிறேன்.

வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அண்ணியையும் உங்களையும் பார்க்க ஒரு நாள் வர விரும்புகிறேன். அனுமதி தருவீர்களா?

அன்புடன்,
ஷீலா